பேங்க் கடன் கடிதத்தை ஒரே பக்கக் குறிப்பாக எழுதிக்கொள்வது எப்படி

பீடோங்கில் எங்கள் குடும்பம் மிளகாய்த்தூளும் மசாலைத்தூளும் அரைத்து விற்கிறது. அப்பா தொடங்கியது. இப்போது அண்ணனும் அப்பாவும் இயக்குநர்களாக இருக்கும் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. புதிய அரவை இயந்திரமும் பொட்டலம் கட்டும் இயந்திரமும் வாங்கி, கடையின் பின்பக்கத்தை எடுத்துக் கட்ட 300,000 ரிங்கிட் தவணைக் கடன் கேட்டோம். தீபாவளிக்கு முன் மிளகாய் வாங்கிக் குவிக்க 50,000 ரிங்கிட் ஓடி, அதாவது மிகைப்பற்று வசதியும் கேட்டோம். இரண்டும் கிடைத்தன. 14 பக்கக் கடிதம் வந்தது. வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். மற்ற 12 பக்கங்களும் அடுத்த ஒரு வருடம் எங்களை அலைய வைத்தன.

அப்பா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். கடிதமோ ஆங்கிலம். அதனால் பிறகு உட்கார்ந்து, முழுக் கடிதத்தையும் தமிழில் ஒரே தாளுக்குக் கொண்டுவந்தேன். அந்தக் குறிப்பை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எழுதும்போது எந்த வரிசையில் எழுதலாம், எங்கே நின்று படிக்க வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. முதலில் தேதிகளை எடுத்து எழுதுங்கள்

கடிதம் கைக்கு வந்ததும் தொகையைத் தேடாதீர்கள். பென்சிலை எடுத்துக்கொண்டு தேதியும் கெடுவும் வரும் ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போடுங்கள். எங்கள் கடிதத்தில் நான்கு இருந்தன. சம்மதம் தெரிவிக்க, கடிதத் தேதியிலிருந்து 14 நாள். முதல் தொகையை எடுக்க, சம்மதித்த நாளிலிருந்து 3 மாதம். முழுத் தொகையையும் எடுத்து முடிக்க, முதல் தொகை எடுத்ததிலிருந்து 6 மாதம். நான்காவது, தவணை தொடங்கும் நாள். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், எங்களுக்கு அதில்தான் அடி விழுந்தது.

அந்த 14 நாள், கடிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணப்படும், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. எங்களுக்குக் கடிதம் வந்து சேர்ந்தபோதே நான்கு நாள் போய்விட்டது. கெடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. எங்கள் பேங்க் கிளையும் நில அலுவலகமும் சுங்கைப்பட்டாணியில், ஆனால் பேங்க் அமர்த்திய வழக்கறிஞர் அலுவலகம் பினாங்கில். அவர்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆக, எல்லோரும் ஒன்றாக வேலை செய்வது திங்கள் முதல் வியாழன் வரை, வாரத்துக்கு நான்கே நாள். இரண்டு வாரக் கெடு என்றால் கையில் உண்மையில் எட்டு நாள்தான். கடித நகலை முதல் நாளே படித்துக் கேள்விகளை எழுதி அனுப்பினால்தான் பதிலும் கெடுவுக்குள் வரும்.

2. என்ன வருகிறது, எதற்கு வருகிறது

குறிப்பின் முதல் பகுதியில் ஒவ்வொரு கடனையும் தனித்தனியாக எழுதுங்கள். 350,000 என்று கூட்டி எழுதிவிடாதீர்கள். தவணைக் கடனும் ஓடியும் வேறு வேறு குணம் கொண்டவை.

தவணைக் கடன் பணம் உங்கள் கணக்குக்கு வராது. எங்களுடையதில் இயந்திரம் விற்பவருக்கு பேங்க் நேரடியாகக் கட்டும், கட்டட வேலைக்குக் குத்தகைக்காரர் பில் கொடுத்தால் அவருக்குக் கட்டும் என்று இருந்தது. இதில் ஒரு பொறி. கடிதம் வருமுன்பே அண்ணன் இயந்திரத்துக்கு 20,000 முன்பணம் கட்டியிருந்தான். அதை பேங்க் திருப்பித் தரும் என்று நம்பியிருந்தோம். ஏற்கெனவே கட்டியது உங்கள் சொந்தப் பங்கு, இனிக் கட்ட வேண்டிய பில்லுக்குத்தான் பணம் என்று சொல்லிவிட்டார்கள். கையிருப்பில் இருந்த மிளகாய்ப் பணம்தான் அப்படிப் போனது. கடன் அனுமதி கைக்கு வராமல் எந்த விற்பனையாளரிடமும் பெரிய முன்பணம் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அதைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடி என்பது உங்கள் நடப்புக் கணக்கில் இருப்புக்கு மேலே எடுக்கும் அனுமதி. எடுத்த தொகைக்கு மட்டும், எடுத்த நாள்களுக்கு மட்டும் வட்டி. அது நல்லதுதான். ஆனால் அந்தப் பத்தியின் கடைசியில் ‘கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்றும் இருக்கும். ஓடியை வைத்து இயந்திரமோ வேனோ வாங்கினால், பேங்க் அதைத் திரும்பக் கேட்கும் நாளில் விற்றுக் கொடுக்க ஒன்றும் இருக்காது. ஓடி சரக்குக்கு மட்டும் என்று குறிப்பில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

3. என்ன கொடுக்கிறோம்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது சத்தமாகப் படிக்க வேண்டும்.

எங்கள் கடை அப்பாவின் சொந்தப் பெயரில் இருக்கிறது. கடன் வாங்குவது நிறுவனம். ஆகவே அப்பா, இன்னொருவரின் கடனுக்காகத் தன் நிலத்தை அடமானம் வைக்கிறார் என்று சட்டம் பார்க்கிறது. கிராணில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், பேங்க் பெயர் அடமானமாகப் பதிவாகும். கடன் முடியும்வரை விற்கவோ பெயர் மாற்றவோ பேங்க் சம்மதம் வேண்டும்.

அதற்கு மேல் அப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு ஜாமீன் கையெழுத்தும் போட்டார்கள். அந்த வரியில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று இருக்கும். ஆளுக்குப் பாதி என்று அப்பா நினைத்திருந்தார். அப்படி இல்லை. முழு 350,000-க்கும் வட்டிக்கும் அப்பாவையும் கேட்கலாம், அண்ணனையும் கேட்கலாம். யாரிடம் சுலபமாக வாங்க முடியுமோ அவரிடமே முழுதும் கேட்க பேங்குக்கு உரிமை உண்டு. நிறுவனத்திலிருந்து விலகினாலும் ஜாமீன் தானாகப் போகாது, பேங்க் எழுத்தில் விடுவிக்க வேண்டும். உங்கள் வீட்டில் தம்பியோ மைத்துனரோ பெயருக்கு இயக்குநராக இருந்தால், இதைச் சொல்லாமல் அவரைக் கையெழுத்துப் போட அழைக்காதீர்கள்.

இன்னொன்று. வழக்கறிஞருக்குப் பணம் கட்டுவது நாம்தான், ஆனால் அவர் பேங்கின் வழக்கறிஞர். கனிவாகத்தான் பேசினார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனாலும் எங்களுக்கு எது பாதகம் என்று எடுத்துச் சொல்வது அவருடைய வேலை இல்லை. வயதானவர் தன் நிலத்தை வைக்கும் இடத்தில், தனியாக ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்கு ஆகும் செலவு வீண் இல்லை.

4. பணம் வருமுன் முடிக்க வேண்டியவை

கடிதத்தில் ‘முன் நிபந்தனைகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒன்று பாக்கி இருந்தாலும் ஒரு வெள்ளிகூட வெளியே வராது. பாதிக்கு மேல் காகித வேலைதான்: இயக்குநர்கள் கூட்டத் தீர்மானம், நிறுவனப் பதிவுச் சான்றுகள், நிலவரி, கதவு வரி கட்டிய ரசீதுகள். இவற்றை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். இரண்டு விஷயங்கள்தான் காலத்தைத் தின்றன.

முதலாவது கிராண். உங்கள் கிராணை எடுத்து, செக்காத்தான் கெபெந்திஙான் என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே ‘தியாடா’ என்று இருந்தால் தடை ஒன்றும் இல்லை. எங்களுடையது குத்தகை நிலம், மாநில அதிகாரத்தின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்றவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று எழுதியிருந்தது. அந்த வரி இருந்தால், பேங்க் அடமானத்தைப் பதிவு செய்யுமுன் நில அலுவலகம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் பிப்ரவரியில் சம்மதித்தோம், மார்ச் நடுவில் விண்ணப்பம் போனது, அனுமதி ஜூனில் வந்தது. முதல் தொகை எடுக்க இருந்த 3 மாதக் கெடு மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. நல்லவேளை, கெடு முடியுமுன் வழக்கறிஞர் நினைவூட்டியதால் நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம், கொடுத்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால் கடன் அனுமதியே காலாவதி ஆகியிருக்கும். கிராணில் தடை இருந்தால், 3 மாதம் போதாது என்று கையெழுத்துக்கு முன்பே சொல்லி, ‘நில அனுமதி கிடைத்த நாளிலிருந்து’ என்று கெடுவை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது தீக் காப்பீடு. பேங்க் பெயரைப் பயனாளியாகச் சேர்த்து எடுக்க வேண்டும். பழைய பாலிசியில் எங்கள் இடம் ‘கடை’ என்று மட்டும் இருந்தது. உள்ளே மிளகாய் அரைக்கிறோம், புதிதாக இயந்திரங்கள் வரப்போகின்றன. அதைச் சொல்லாமல் எடுத்தால் தீப்பிடிக்கும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வழி இருக்கிறது. தொழில் என்ன என்பதை முழுதாகச் சொல்லி, இயந்திரங்களையும் சேர்த்து எழுதச் சொன்னோம். பிரிமியம் ஏறியது, பரவாயில்லை. ஆண்டுதோறும் புதுப்பித்த நகலை பேங்குக்குக் கொடுக்கவும் மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் அவர்களே ஒரு பாலிசி எடுத்து, பிரிமியத்தை உங்கள் கடன் கணக்கில் ஏற்றலாம் என்று கடிதத்தில் இருக்கும். அப்புறம் அதற்கும் வட்டி.

5. கைச்செலவு

கடன் கிடைத்தும் கையில் ரொக்கம் வேண்டும். பெரிய செலவு இரண்டு. கடன் பத்திரத்தின் முத்திரை வரி பொதுவாக ஆயிரத்துக்கு 5 ரிங்கிட், அதாவது 350,000-க்கு 1,750. சிறு, நடுத்தரத் தொழில்களுக்குச் சலுகை விகிதம் இருக்கிறது, உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்கவே இல்லை. பத்திரத்தில் கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரையிட வேண்டும், தாமதித்தால் அபராதம்.

அடுத்தது வழக்கறிஞர் கட்டணம். 2023 ஜூலையில் வந்த விகிதப்படி முதல் 500,000-க்கு 1.25 சதவீதம். எங்களுக்கு 4,375, அதன் மேல் 8 சதவீதச் சேவை வரி 350, ஆக 4,725. இவற்றோடு நில மதிப்பீட்டு அறிக்கை, நில அலுவலகக் கட்டணங்கள், நிலப் பதிவுத் தேடல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. இதில் பெரும்பகுதியை முதல் தொகை வருமுன்பே கட்ட வேண்டியிருந்தது. வழக்கறிஞரிடம் முன்கூட்டியே மதிப்பீட்டுச் சீட்டு வாங்கிக் குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

6. தவணை அட்டவணை

கடிதத்தின் பின்னால் ஒரு அட்டவணை இணைத்திருப்பார்கள், அல்லது இத்தனை மாதம், மாதம் இவ்வளவு என்று ஒரே வரியில் இருக்கும். எங்களுடையது 300,000, 120 தவணை, வட்டி பி.எல்.ஆர் என்னும் பேங்கின் அடிப்படை வட்டி கூட்டல் 0.40, அன்றைய கணக்கில் 7 சதவீதம், மாதம் 3,483.

இதில் முதல் தவணையைப் பிரித்துப் பாருங்கள். 300,000-க்கு ஒரு மாத வட்டி 1,750. ஆகக் கட்டும் 3,483-இல் அசலுக்குப் போவது 1,733 மட்டும். ஒரு வருடம் முழுக்கக் கட்டினால் 41,800 கையை விட்டுப் போகும், பாக்கி சுமார் 278,500 நிற்கும். இதை அப்பாவுக்குக் காட்டியபோது பேங்க் கணக்கில் தப்பு செய்துவிட்டது என்றார். தப்பு இல்லை. அசல் குறையக் குறைய வட்டி குறையும், கடைசி வருடங்களில் தவணையில் பெரும்பகுதி அசலுக்குப் போகும். ஆனால் இரண்டாம் வருடத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று யாராவது மனக்கணக்குப் போட்டால், இந்தப் பாக்கியைத்தான் வைத்துப் போட வேண்டும்.

அடுத்து, அந்த 120 எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று பாருங்கள். ‘முதல் தொகை எடுத்ததிலிருந்து 120 மாதம், இதில் எடுத்து முடிக்கும் 6 மாதமும் அடக்கம்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 114 தவணைதான். அதே கடனுக்கு மாதம் 3,610 ஆகிவிடும். எங்கள் கடிதத்தில் 120 தவணை என்று தெளிவாக இருந்தது. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி, தவணை தொடங்கும் நாள். எங்கள் கடிதத்தில் இப்படி இருந்தது: முழுத் தொகையும் எடுத்து முடித்த அடுத்த மாதம், அல்லது முதல் தொகை எடுத்து ஆறு மாதம் ஆனதும், இரண்டில் எது முந்தியோ அது. நாங்கள் முன்பாதியை மட்டும் படித்துவிட்டோம். இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு கட்டினால் போதும் என்று அண்ணன் உறுதியாகச் சொன்னான்.

நடந்தது இது. ஜூலை தொடக்கத்தில் இயந்திரத்துக்கு 180,000 போனது. அன்றிலிருந்து அந்தத் தொகைக்கு மட்டும் மாதம் 1,050 வட்டி. அக்டோபரில் இயந்திரம் வந்து இறங்கியதும் பாக்கி 60,000 போனது, வட்டி 1,400 ஆனது. கட்டட வேலை இழுத்துக்கொண்டே போனது, மின்சார இணைப்பின் சக்தியைக் கூட்ட வேண்டியிருந்தது. தீபாவளி எங்களைத் தாண்டிப் போனது. அந்த வருடமும் பழைய இயந்திரத்தில்தான் இரவு பகலாக அரைத்தோம். புதியது பிளாஸ்டிக் சுற்றிய நிலையில் பின்பக்கம் நின்றது. டிசம்பர் கடைசியில் குத்தகைக்காரரின் 60,000 பில் போனது. ஜனவரியில் முழுத் தவணை 3,483 வந்துவிட்டது. இயந்திரம் ஓடியது பிப்ரவரியில்.

அந்த ஆறு மாதத்தில் கட்டிய வட்டியைக் கூட்டினால் 7,350. தவணை அட்டவணையில் இந்தத் தொகை எங்குமே இல்லை. அட்டவணை முதல் தவணையிலிருந்துதான் தொடங்கும். ஆகவே உங்கள் குறிப்பில் அட்டவணைக்கு மேலே ஒரு பெட்டி போட்டு, எந்த மாதம் எவ்வளவு எடுப்போம், அந்த மாதம் வட்டி எவ்வளவு என்று நீங்களே எழுதுங்கள். கணக்கு எளிது: எடுத்த தொகையை வட்டி விகிதத்தால் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் போதும். அதன் கீழே, எல்லாம் தாமதமானால் தவணை கட்டாயமாகத் தொடங்கும் மாதம் எது என்று சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த மாதத்துக்கும் அடுத்த இரண்டு மாதத்துக்கும் உரிய தவணைப் பணம் பழைய வியாபாரத்திலிருந்தே கட்டும்படி கையில் இருக்க வேண்டும்.

தவணை தேதியையும் பாருங்கள். கடிதத்தில் மாதம் 1-ஆம் தேதி என்று இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தோட்டத்து வீடுகள், தோட்டத்தைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகள். தோட்டச் சம்பளம் 7-ஆம் தேதி வாக்கில்தான் வரும். அதன் பிறகுதான் 555 புத்தகத்தில் எழுதிய கடன் எங்கள் கைக்கு வரும். 1-ஆம் தேதி என்றால் எங்கள் கல்லா மாதத்திலேயே அதிகம் காய்ந்திருக்கும் நாள். கிளை அதிகாரியிடம் நேரில் போய் மூன்று மாத பேங்க் கணக்கறிக்கையைக் காட்டி, பணம் வரும் நாள்களைச் சுட்டி, 15-ஆம் தேதிக்கு மாற்றித் தரக் கேட்டேன். ஒரு வாரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் விஷயங்களில் இது ஒன்று. கையெழுத்துக்கு முன் கேட்டால் இன்னும் சுலபம். ஒரு நாள் தவறினால் தாமதக் கட்டணம் சின்னதுதான், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி நின்றால் சி.சி.ரிஸ் என்னும் கடன் பதிவு அறிக்கையில் தெரியும். அடுத்த கடனுக்குப் போகும்போது எந்த பேங்கும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கும்.

வட்டி மாறும் என்பதையும் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். பேங்க் நெகாரா 2025 ஜூலை 9-இல் ஓ.பி.ஆர் என்னும் கொள்கை வட்டி விகிதத்தை 3.00 சதவீதத்திலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. அதுபோல 0.25 குறைந்தால் எங்கள் அளவுக் கடனில் தவணை மாதம் 39 ரிங்கிட் போல இறங்கும், ஏறினால் அவ்வளவு ஏறும். அரை சதவீதம் ஏறினால் 3,561 ஆகும். சில பேங்குகள் தவணையைத் தொடாமல் காலத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். உங்களுடையதில் எது என்று கேளுங்கள்.

நல்ல மாதத்தில் கூடுதலாகக் கட்டும் பழக்கம் இருந்தால் இதையும் படியுங்கள். நாங்கள் ஒரு முறை 10,000 கூடுதலாகப் போட்டோம். அசல் குறையும் என்று நினைத்தோம். அடுத்த கணக்கறிக்கையில் அது ‘முன்கூட்டிய தவணை’ என்று நின்றது, அசல் அப்படியே இருந்தது. அசலைக் குறைக்கத்தான் கட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுத்தால்தான் அசலில் கழிப்பார்கள். கடன் முழுவதையும் முன்கூட்டியே அடைத்தாலும் செலவு உண்டு. எங்கள் கடிதத்தில் முதல் 3 ஆண்டுக்குள் அடைத்தால் பாக்கியில் 3 சதவீதம். ஒரு வருடம் கழித்து அடைப்பதாக வைத்தால் 278,500-க்கு 8,355. அந்த 3 ஆண்டும் முதல் தொகை எடுத்த நாளிலிருந்து எண்ணப்படும்.

7. கேட்காமல் செய்யக் கூடாதவை

இதைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. குடும்ப நிறுவனத்துக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தைக்கும், ஏனென்றால் வீட்டுப் பணமும் கடைப் பணமும் நம்மிடம் ஒரே டப்பாவில் இருந்து பழகியவை.

அப்பா ஐம்பத்தைந்து வயதில் எடுத்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் 60,000-ஐ நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார். கணக்குப் புத்தகத்தில் அது ‘இயக்குநர் கொடுத்த கடன்’. தங்கை கல்யாணத்துக்கு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். எங்கள் கடிதத்தின் 11-ஆம் பக்கத்தில், பேங்க் கடன் முடியும்வரை இயக்குநர்கள் கொடுத்த பணத்தை பேங்க் சம்மதம் இல்லாமல் திருப்பித் தரக் கூடாது என்று இருந்தது. கணக்காளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கி, படிக்க முடியாத அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு வேறு வழியில் பணம் புரட்டினோம்.

உங்கள் குடும்பத்தார் நிறுவனத்துக்குக் கொடுத்த பணம் ஏதாவது இருந்தால், எவ்வளவு, எப்போது தேவைப்படும் என்று முதலிலேயே பேசுங்கள். ஒரு பகுதியை விலக்கித் தரும்படி கையெழுத்துக்கு முன் கேட்கலாம். பின்னால் கேட்டால், ஒவ்வொரு முறையும் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

இதே பகுதியில் இயக்குநரை மாற்றுவது, பங்கை மாற்றி எழுதுவது, வேறு இடத்தில் கடன் வாங்குவது ஆகியவற்றுக்கும் சம்மதம் வேண்டும் என்று இருக்கும். தணிக்கை செய்த கணக்கை ஆண்டு முடிந்து 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கும். இவை தவறினால், தவணையை ஒழுங்காகக் கட்டினாலும் நிபந்தனையை மீறியதாகவே கணக்கு.

8. கையெழுத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல்

குறிப்பு முடிந்ததும், புரியாததையும் மாற்ற வேண்டியதையும் ஒரே மின்னஞ்சலில் கிளை அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் ‘பார்த்துக்கலாம்’ என்பார்கள், அந்த அதிகாரி மாற்றலாகிப் போனால் அந்த வார்த்தையும் போய்விடும். வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம், அசையவில்லை. தவணை தேதி, எடுக்கும் கெடு, தவணை தொடங்கும் மாதம், இயக்குநர் பணம் ஆகிய நான்கிலும் பேச இடம் இருக்கிறது. ஒப்புக்கொண்டால் திருத்தக் கடிதம் வாங்கிக்கொண்டு அதன் பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

9. பணம் எடுத்த பிறகு

கடிதத்தோடு வந்த அட்டவணை உத்தேசக் கணக்கு. முழுத் தொகையும் போன பிறகு உண்மையான தேதிகளோடு புதிய அட்டவணை கேட்டு வாங்குங்கள், பழையதைக் கிழித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் கோப்பில் இருந்து, ஒரு மாதம் அண்ணன் பழையதைப் பார்த்துப் பணம் போட்டுவிட்டான்.

புதிய அட்டவணையும் தமிழ்க் குறிப்பும் இப்போது கடையில் அப்பாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன. மாதம் 13-ஆம் தேதி நான் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பேன். 16-ஆம் தேதி கணக்கறிக்கையைப் பார்த்துப் பாக்கி அசல் எவ்வளவு என்று சொன்னால், அப்பா அட்டவணையில் அந்த எண்ணோடு ஒப்பிட்டு, பென்சிலால் ஒரு டிக் போடுவார். வித்தியாசம் இருந்தால் அன்றே பேங்குக்குப் போய்விடுவேன்.

கடைசித் தவணையோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் குறிப்பின் அடியில் எழுதி வையுங்கள். கிராணில் இருக்கும் பேங்க் பெயர் தானாகப் போகாது. நில அலுவலகத்தில் அடமான விடுவிப்பு பதிவாக வேண்டும், அதன் படிவம் 16என். அதற்கும் வழக்கறிஞர் செலவு உண்டு. கிராண் கைக்கு வந்ததும் ஒரு தேடல் எடுத்து, பேங்க் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜாமீன் போட்ட ஒவ்வொருவருக்கும் விடுவிப்புக் கடிதம் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.